அம்மாவுக்காக நான்கு மாத லீவ்

பிழைப்புக்காக ஹைதராபாத்தில் குடியேறிய நம்மில் பலருக்கு ஒருநாள் ஊரிலிருந்து அந்தத் தொலைபேசி வரும். எனக்கு 2003-ல் வந்தது. கும்பகோணத்தில் தனியாக இருந்த என் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்ததும், வாக்கரைப் பிடித்து நடக்கவே மூன்று மாதம் ஆகும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் அப்போது ரயில்வேயில் செக்‌ஷன் இன்ஜினியர். 23 வருட சர்வீஸ். அவசரத்தில், "தாயாரைக் கவனிக்கச் சில மாதங்கள் சம்பளமில்லா விடுப்பு வேண்டும்" என்று எழுதி நீட்டினேன். அதிகாரி படித்துவிட்டு, "சில மாதம் என்றால் எத்தனை? உங்கள் செக்‌ஷனை யார் பார்ப்பது?" என்று தெலுங்கில் கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. லீவ் உரிமையல்ல, வேலையின் தேவை கருதி மறுக்கலாம் என்பது விதி. கடிதம் திரும்பி வந்தது.

"உடம்பு சரியில்லை என்று சிக் போட்டுவிட்டுப் போங்களேன்" என்றார் ஒரு நண்பர். மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் லீவ் ஊழியருடைய நோய்க்குத்தான்; தாயாருடைய நோய்க்கு அல்ல. பொய்ச் சான்று பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை. ஆகவே அந்த வழி வேண்டாம் என்று விட்டேன்.

எனக்குக் கண் திறந்தவர் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு. "சம்பளமில்லா லீவ் என்றால் என்ன போகும் தெரியுமா, சார்?" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். சொந்தக் காரணத்துக்காக எடுக்கும் அந்த நான்கு மாதமும் பென்ஷன் சர்வீஸில் சேராது. இன்கிரிமென்ட் தள்ளிப்போகும். அடுத்து வரவு வைக்கும் முழுச் சம்பள லீவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 120 நாளுக்கு 12 நாள், வெட்டப்படும்.

பிறகு என் லீவ் கணக்கைப் புரட்டினார். முழுச் சம்பள லீவ் 70 நாள் இருந்தது. அரைச் சம்பள லீவ் வருடத்துக்கு 20 நாளாகச் சேர்ந்து, எடுத்ததுபோக 400 நாளுக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தது! சொந்த வேலைக்கும் அதை எடுக்கலாம், மருத்துவச் சான்று வேண்டாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. 60 நாள் முழுச் சம்பளம், 60 நாள் அரைச் சம்பளம் என்று கேட்டால், நான்கு மாதத்தில் மூன்று மாதச் சம்பளம் கைக்கு வரும், சர்வீஸும் குறையாது.

இரண்டாவது கடிதத்தில் புறப்படும் தேதி, திரும்பும் தேதி, ஊர் விலாசம் எல்லாம் எழுதினேன். பக்கத்து செக்‌ஷன் நண்பர் என் வேலையைச் சேர்த்துப் பார்க்கச் சம்மதித்ததையும், என் பொறுப்பிலுள்ள பொருள்களை எண்ணிக் கணக்கோடு அவரிடம் ஒப்படைக்கும் நாளையும் குறிப்பிட்டேன். டாக்டரின் குறிப்பையும் இணைத்தேன். அன்று மாலையே அதிகாரி கையெழுத்திட்டார்.

மத்திய அரசு ஊழியருக்கு இந்த வழி இன்றும் உண்டு. வருடத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு முதலியவற்றை முதிய பெற்றோரைக் கவனிக்கவும் எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் மாநிலங்களவையில் தெரிவித்தார்.

மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் தனியார் கம்பெனிகளில் இருக்கும் நம் பிள்ளைகளின் நிலை வேறு. அமெரிக்காவில் 1993-ம் வருடச் சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஒரு வருடமாவது வேலை பார்த்தவர், பெற்றோரின் கடும் நோய்க்கு 12 வாரம் சம்பளமில்லா லீவ் கேட்டுப் பெறலாம். நம் நாட்டுத் தனியார் துறையில் அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. எல்லாம் கம்பெனி விதியும் மேலாளர் மனமும்தான். ஆகவே சேர்ந்திருக்கும் சம்பள லீவை முதலில் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் சம்பளமில்லா லீவ் கேளுங்கள். மேலாளர் வாயால் "போய் வாருங்கள்" என்றால் போதாது. அவர் நாளையே மாறிப்போகலாம். மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: திரும்பி வந்தால் அதே வேலை உண்டா? கிராஜுவிட்டிக்கு சர்வீஸ் முறியாமல் தொடருமா? சம்பளம் இல்லாத மாதங்களில் குரூப் மருத்துவ இன்சூரன்ஸ் நடக்குமா, பிரீமியம் யார் கட்டுவது?

மூன்றாவதுதான் முக்கியம். பெற்றோரும் அந்த இன்சூரன்ஸில் இருந்தால், யாருக்காக லீவ் எடுக்கிறோமோ அவருக்கே பாதுகாப்பு இல்லாமல் போய்விடலாம்.

என் தாயார் நான்காவது மாதம் வாக்கரோடு வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். "வேலை போய்விடவில்லையே?" என்றுதான் கேட்டார். இல்லை என்று சொல்ல முடிந்தது.