இரண்டாம் டிகாஷன் ஏன் கசக்கிறது?

முதல் டிகாஷன் கெட்டியாக இருந்தும் மணக்கிறது. இரண்டாவது நீர்த்திருந்தும் நாக்கில் கசந்து வறட்டுகிறது. ஏன்?

நாம் 'ஸ்ட்ராங்' என்பது, டிகாஷனில் எவ்வளவு காபி கரைந்திருக்கிறது என்பதை. தூளிலிருந்து எவ்வளவு பிரிந்து வந்தது என்பது வேறு கணக்கு. சிக்கரி கலக்காத 30 கிராம் தூளில் 90 மில்லி டிகாஷன் இறங்கி, அதில் 5.4 கிராம் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டிகாஷனின் அடர்த்தி சுமார் 6 சதவீதம். தூள் இழந்தது 18 சதவீதம்தான். புளிப்பும் இனிப்பும் மணமும் எளிதில் கரைந்து முதலில் வந்துவிடும். கசப்பும் துவர்ப்பும் தருபவை மெதுவாகவே கரையும்.

அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இன்னொரு ஒன்றரை கிராம் வரும். 90 மில்லியில் அது 2 சதவீதம்கூட இல்லை. ஆனால் தூளின் மொத்த இழப்பு 23 சதவீதம். கடைசியில் வந்தது பெரும்பாலும் கசப்பு. (சிக்கனக்காரர்கள் மன்னிக்க!)

காபி கெட்டியாக இருந்தால் பாலோ வெந்நீரோ சேர்த்தால் சரியாகும். நீர்த்த பிறகும் வறட்டுக் கசப்பு தங்கினால், அடுத்த முறை தூளைச் சற்றுக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள்.