கீழே வைக்காத சுமை

கஞ்சமலை அடிவாரம் – 17

இளம்பிள்ளையில் கடன் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்பணம் வாங்கித் தறி போட்டவருக்கு அது தெரியும். வாங்கிய பணம் தீரும்வரை, அதைக் கொடுத்த சேலைக்காரரிடமிருந்து நகர முடியாது. கோயிலுக்குச் செய்ய வேண்டியதையும் நம் ஆட்கள் 'நேர்த்திக்கடன்' என்றே சொல்கிறார்கள். காணிக்கை, தானம் என்ற சொற்கள் இருக்கும்போதும் உடம்பை வருத்திச் செய்வதற்குக் கடன் என்ற சொல்தான் நாக்கில் வருகிறது. இந்த வாரம் அந்தக் கடனைப் பற்றி.

கடனிலும் சிறிசு பெரிசு உண்டு. கஞ்சமலை சித்தர் கோயிலுக்கு அமாவாசையன்று போகிறவர்கள், மரு உதிர்ந்தால் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொள்வார்கள். கொஞ்சம் பெரிய காரியம் என்றால் தலைமுடி. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, புருஷன் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறார் என்றால் உப்பும் மிளகும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. 'சட்டி எடுக்கறேன் ஆத்தா' என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. கையில் காசில்லாதவரிடமும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. அதைக் கொடுக்க யாரிடமும் வட்டிக்கு வாங்க வேண்டாம்.

என் பெரியம்மா அப்படித்தான் மூன்று வருஷம் அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். நான் பக்கத்தில் நடந்து பார்த்தது இரண்டாம் வருஷம். காப்பு கட்டிய நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு, பாய் இல்லாத தரை. சட்டி எடுக்கும் நாளில் மஞ்சள் சேலை, ஈரத் தலை. சட்டி மண்சட்டிதான். அடியில் சாம்பலை நாலு விரல் கனத்துக்குக் கொட்டி, அதன்மேல் விறகுத் துண்டுகளை நிறுத்தி, எண்ணெய் விட்டுக் கொளுத்துவார்கள். உள்ளங்கைக்கும் சட்டிக்கும் நடுவில் வேப்பிலை. சுட்ட மண் சூட்டைச் சட்டென்று கடத்தாது, சாம்பல் அதைவிட மந்தம். அதனால் மேலே ஜுவாலை முழ உயரம் எழும்பினாலும் அடிப்பக்கம் சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் மறைப்பதில்லை. சாம்பல் போடுகிற கிழவரே சொல்வார்: 'ஆத்தா காப்பாத்துவா. அதுக்காக நாம சாம்பலைக் கொறைச்சுப் போட முடியுமா?'

தொல்லை நேரத்தால் வருகிறது. ஊர்வலம் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று நின்று போகும். கால் மணியில் முடிய வேண்டிய தூரம் ஒரு மணியாகிவிட்டால் சாம்பலையும் தாண்டிச் சூடு இறங்கிவிடும். வேப்பிலையின் ஈரம் போய்ச் சருகாகும். சில சமயம் சட்டியில் மயிரிழை விரிசல் விடும். அன்றைக்கு அதுதான் நடந்தது. பெரியம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைமாற்றுவது மட்டும் சீக்கிரம் சீக்கிரமாக நடந்தது. வலது, இடது, வலது. கோயிலில் இறக்கி வைத்தபின் கேட்டேன்.

'சுட்டுச்சா பெரிம்மா?'

'சுடலியே கண்ணு. ஆத்தா பூ மாதிரி வெச்சா.'

இரண்டு நாள் கழித்து அவர் சோறு பிசையாமல் கரண்டியால் சாப்பிடுவதைப் பார்த்தேன். உள்ளங்கையில் ரூபாய்க் காசளவு கொப்புளம், அதன்மேல் மஞ்சள்.

சட்டி எடுப்பவர்களை, காவடி தூக்குகிறவர்களை, அலகு குத்திக்கொள்கிறவர்களைக் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, 'வலிக்கவே இல்லை, சாமி தாங்கிக்கிச்சு.' இன்னொன்று, 'வலிச்சாத்தானே கடன் தீரும்?' இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முதல் பதிலில் சாமி என்னை ஏற்றுக்கொண்டது என்பதற்கு வலியில்லாமை அத்தாட்சி. இரண்டாவதில் நான் கொடுத்தேன் என்பதற்கு வலிதான் ரசீது. முரண்பாடு என்று நாம் சொல்லலாம். அவர்களுக்கு அது அப்படிப் படவில்லை. கொடுக்கும்போது வலிக்க வேண்டும், வாங்கிக்கொண்டபின் வலிக்கக் கூடாது.

ஆனால் முதல் பதிலுக்கு ஒரு கெட்ட நிழல் உண்டு. சுடாவிட்டால் சாமி ஏற்றுக்கொண்டது என்றால், சுட்டவர் நிலை என்ன? விரதத்தில் குறை, வீட்டில் தீட்டு, மனசில் அழுக்கு என்று ஊர் பேசும். அதனால் சுட்டவர் வாயைத் திறப்பதில்லை. தீப்புண்ணுக்கு முதல் வைத்தியம் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுவது. அதைச் செய்ய வேண்டிய நேரத்தில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து மஞ்சளோ பற்பசையோ பூசுவார்கள். தோல் வெளுத்துப்போய் தொட்டாலும் வலி தெரியாவிட்டால் அது சாமியின் கருணை இல்லை, புண் ஆழம் என்று அர்த்தம். சர்க்கரை நோய்க்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், குண்டத்தில் இறங்கியவருக்கு மறுநாள்தான் தெரியும். அலகில் ஆபத்து வேறு மாதிரி. கன்னத்துச் சதைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் துளை சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் ஒருவருக்குக் குத்திய வேலைத் துடைத்து அடுத்தவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே போகும். ஆளுக்கு ஒரு வேல் என்று ஆக்குவதால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது என்பது என் எண்ணம்.

சட்டி ஒரு மணி நேரச் சுமை. நாள்கணக்கில் சுமக்கிற காவடிக்கு வருவோம். அதற்கு இளம்பிள்ளையிலிருந்து தூரம் போக வேண்டாம், மேற்கே எடப்பாடி போதும்.

தைப்பூசத்துக்குப் பழனியில் கூடும் கூட்டம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூட்டம் கலைந்தபிறகு பழனி போய்ச் சேருகிறவர்கள் எடப்பாடி பருவதராஜகுலத்துக் காவடிக்காரர்கள். நடை சுமார் 150 கிலோமீட்டர். முன்னூறு வருஷத்துக்கு மேலாகப் போகிறோம் என்பது அவர்கள் கணக்கு. இரவு பூஜை முடிந்தால் பழனி மலையில் பக்தர்கள் தங்கக் கூடாது என்பது வழக்கம். வருஷத்தில் ஓர் இரவு இவர்களுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரித்து, சாமிக்குப் படைத்து, கீழே கொண்டுவந்து ஊர் முழுக்கப் பங்கு வைப்பார்கள்.

காவடியைத் தோளில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சூட்சுமம் தெரியும். ஒரு தண்டு, அதன்மேல் வில்லாக வளைத்த மூங்கில் பத்தை, துணி, மயில்பீலி, இரண்டு நுனியிலும் செம்பு. எடை என்னவோ ஐந்தாறு கிலோதான், தறிக்கு நூல் சிப்பம் தூக்குகிறவருக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் ஒரு பக்கத்துச் செம்பில் அரை லிட்டர் கூடிவிட்டால் தண்டு சாயும், சாயாமல் இருக்க ஒரு கை எந்நேரமும் பிடித்திருக்க வேண்டும், பிடித்த பக்கமாகக் கழுத்து இழுக்கும். பத்தாவது மைலில் வலிப்பது தோள் அல்ல, கழுத்து. அதனால் அனுபவப்பட்டவர்கள் கிளம்புமுன் இரண்டு நுனியையும் விரலால் தூக்கித் தூக்கிச் சமம் பார்ப்பார்கள். தோள் மாற்றும்போதும் இறக்குவதில்லை, குனிந்து பிடரிக்குப் பின்னால் உருட்டி அடுத்த தோளுக்குக் கொண்டுவருவார்கள். தங்குமிடத்தில் தாங்கு வைத்து நிறுத்துவார்கள். வெறுந்தரையில் வைப்பதில்லை.

ஏன் தரையில் வைப்பதில்லை என்றால் இடும்பன் கதையைச் சொல்வார்கள். அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளையும் காவடியாகக் கட்டித் தூக்கிவந்தவன் இடும்பன். ஆவினன்குடியருகே களைப்பாற இறக்கி வைத்தான். மறுபடி தூக்கினால் அசையவில்லை, மேலே ஒரு சிறுவன் நின்றுகொண்டிருந்தான். சண்டையில் மாண்டு, உயிர்பெற்று, தன்னைப்போல் சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்று வரம் கேட்டான். மலைப்படி ஏறும்போது நடுவழியில் அவனுக்குச் சன்னிதி இருக்கிறது.

இந்தக் கதையில் இடும்பன் தவம் செய்யவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. குரு சொன்ன ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். கூலியாள் போல. தூக்கி வந்த தூரமெல்லாம் கனக்காத சுமை இறக்கி வைத்தபின்தான் கனத்தது. காவடிக்காரர் ஒருவரிடம் 'பாரம் எப்படிங்க?' என்று கேட்டால், 'நடக்கிற வரைக்கும் ஒண்ணுமில்லீங்க, நின்னாத்தான்' என்பார். பல ஊர்ப் பாதைகளில் சுமைதாங்கிக் கல் இன்னும் நிற்கிறது. பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்க ஒரு கல். சுமப்பதையும் இறக்குவதையும் நம் ஆட்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

காவடியை அளந்து பார்த்தவர்களும் உண்டு. மொரீஷியஸ் தீவுத் தமிழர்களுக்குத் தைப்பூசக் காவடி பெரிய திருவிழா, அரசு விடுமுறையே உண்டு. டிமிட்ரிஸ் ஸிகலாட்டாஸ் என்ற மானுடவியலாளரும் கூட்டாளிகளும் அங்கே செய்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. கோயிலில் கூட்டுப் பிரார்த்தனை பாடி முடித்தவர்கள் ஒரு பக்கம், அலகு குத்திக் காவடி எடுத்து முடித்தவர்கள் ஒரு பக்கம். ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்து, விருப்பமிருந்தால் கோயிலுக்குப் போடலாம், எவ்வளவு போட்டீர்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார்கள். பாடியவர்கள் சராசரியாக 81 ரூபாய் போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் 133. எதையும் சுமக்காமல், குத்திக்கொள்ளாமல், காவடியோடு கூட நடந்தவர்கள் போட்டது அதைவிட அதிகம், 161.

ஏற்கெனவே தாராளக் கைக்காரர்கள்தான் காவடிக்கு வருகிறார்களோ என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அந்த 161 என்னை விடவில்லை. இரண்டாவது ஆய்வு 2019-இல் வந்தது. காவடி எடுத்த 37 பேர், எடுக்காத 37 பேர். நாள்பட்ட நோய் உள்ளவர்கள்தான் அதிக வேல் குத்திக்கொண்டார்கள். திருவிழா முடிந்தபின் மனநிலை கூடுதலாகத் தேறியதும் அதிகம் வலி தாங்கியவர்களுக்குத்தான். உடம்பு தேறியது என்று அவர்கள் சொல்லவில்லை, மனசு தேறியது என்றுதான்.

கூட நடந்தவர்கள் என்றதும் எடப்பாடிக்காரர்களின் பஞ்சாமிர்தம்தான் நினைவுக்கு வருகிறது. நடந்தவன் மட்டும் தின்பதற்கென்றால் அவ்வளவு எதற்கு? போக முடியாத கிழவி, தறியை விட்டு நகர முடியாதவன், பிரசவித்துப் படுத்திருக்கிறவள் எல்லாருக்கும் ஒரு கரண்டி வருகிறது. ஒரு வீட்டில் ஒருவர் நடந்தால் அந்தத் தெருவே நடந்த கணக்கு.

பெரியம்மாவின் மூன்றாம் வருஷத்தைச் சொல்லாமல் விட்டேன். புண் ஆறித் தழும்பாகியிருந்தது. சட்டியை வாங்குமுன் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பெண்ணிடம் இன்னும் இரண்டு கொத்து வாங்கி அடுக்கிக்கொண்டார். போன வருஷம் சுடவே இல்லை என்றாரே என்று நான் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது.

'என்ன பாக்கற? கடனைக் கட்டச் சொன்னாளா, கையை வேக வெக்கச் சொன்னாளா?'

சட்டி கைக்கு வந்ததும் முன்னால் பார்த்து நடந்தார்.