வாக்கியத்துக்குள் வாக்கியம்: எத்தனை அடுக்கு தாங்கும்?

“நாய் துரத்திய பூனை தின்ற எலி செத்தது.” இந்த வாக்கியத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஆனாலும் தமிழ்க் காதுக்கு எந்தச் சிரமமும் இல்லை. இதே செய்தியை இதே அமைப்பில் ஆங்கிலத்தில் சொன்னால் சொற்கள் எலி, பூனை, நாய், துரத்தியது, தின்றது, செத்தது என்ற வரிசையில் வந்து நிற்கும். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே முதல் தடவையில் அதைப் புரிந்துகொள்வதில்லை.

ஒரு வாக்கியத்தை அதே வகையான இன்னொன்றுக்குள் வைக்க முடிவதும், அதற்குள் மற்றொன்றை வைக்க முடிவதும் தற்சுழற்சி எனப்படும். உள்வாக்கியம் ஓரத்தில் சேராமல், வெளிவாக்கியத்தின் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே நுழைந்தால் அது நடுப்பொதிவு. தொல்லை தருவது தற்சுழற்சி அல்ல, நடுப்பொதிவுதான். தமிழில் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னால் வருவதால் ‘நாய் துரத்திய’ என்பது ‘பூனை’ வருவதற்குள் முடிந்துவிடுகிறது. கேட்பவர் எதையும் பாதியில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

அதற்காகத் தமிழ் தப்பித்துவிட்டது என்று சொல்ல முடியாது. தமிழில் இந்தச் சிக்கல் ‘என்று’ வழியாக வருகிறது. “மாலதி கண்ணன் வந்துவிட்டான் என்று சொன்னாள்” என்பது சுலபம். “முருகன் மாலதி கண்ணன் வந்துவிட்டான் என்று சொன்னாள் என்று நினைத்தான்” என்றால் கொஞ்சம் தடுமாற்றம். “கமலா முருகன் மாலதி கண்ணன் வந்துவிட்டான் என்று சொன்னாள் என்று நினைத்தான் என்று எழுதினாள்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், எழுதியது யார் என்பதற்கு விரல்விட்டு எண்ணத்தான் வேண்டியிருக்கும்.

இங்கே நடப்பது இதுதான். நான்கு பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய வினைக்காகக் காத்திருக்கிறது. முதலில் வரும் வினை கடைசிப் பெயருக்கு உரியது, கடைசியில் வரும் வினை முதல் பெயருக்கு உரியது. ‘எழுதினாள்’ வரும்போது ‘கமலா’ வெகுதூரத்தில் இருக்கிறாள். கணினி இப்படிப்பட்ட கணக்கை அடுக்கி வைத்த தட்டுகளைப் போல மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்த்துவிடும். ஆயிரம் தட்டானாலும் குழம்பாது. மனித நினைவில் அப்படி ஒழுங்கான அடுக்கு கிடையாது. வினை வந்ததும் அதற்குப் பொருத்தமான பெயர் எது என்று அடையாளத்தை வைத்தே நினைவு தேடுகிறது. அதனால்தான் மேலே உள்ள வாக்கியத்தில் ஆண்பால், பெண்பால் விகுதிகள் ஓரளவு கைகொடுக்கின்றன. கமலாவும் மாலதியும் இருந்த இடத்தில் குமாரையும் மாறனையும் போட்டு, எல்லா வினைகளையும் ‘ஆன்’ என்று முடித்தால் அந்தப் பிடியும் போய்விடும். ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும் பெயர்கள் நினைவில் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன.

நோம் சோம்ஸ்கியும் ஜார்ஜ் மில்லரும் 1963-இல் இதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைக்க இலக்கணம் இடம் கொடுக்கிறது. தடுப்பது நினைவின் அளவு. இந்தப் பிரிவினையை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் நினைவு இடறுவதைச் சோதனைகள் தெளிவாகவே காட்டின. எட்வர்ட் கிப்சனும் ஜேம்ஸ் தாமஸும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வினை தேவைப்படும் நீளமான ஆங்கில வாக்கியங்களில் நடுவினையை எடுத்துவிட்டுக் காட்டினார்கள். இலக்கணப்படி அது உடைந்த வாக்கியம். ஆனாலும் படித்தவர்கள் அதற்கு முழு வாக்கியத்துக்குக் குறையாத மதிப்பெண் கொடுத்தார்கள். ஒரு வினை பாக்கி இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. வினை கடைசியில் வருவதற்குப் பழகிய ஜெர்மானியர்கள் இதே பொறியில் அவ்வளவாகச் சிக்கவில்லை என்று பின்னர் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே மொழிப் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு.

பின்லாந்து மொழியியலாளர் ஃபிரெட் கார்ல்சன், மக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று ஐரோப்பிய மொழிகள் ஏழில் தேடிப் பார்த்தார். 2007-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி எழுத்தில் அதிகபட்சம் மூன்று அடுக்கு, அதுவும் அபூர்வம். பேச்சில் இரண்டு அடுக்கே கிட்டத்தட்டக் கிடையாது. படிப்பவர் கண்ணைத் திருப்பி வரியின் தொடக்கத்துக்குப் போகலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை.

பேசுகிறவர்கள் சிக்கலைத் தவிர்ப்பது யோசித்துச் செய்யும் வேலையல்ல. தமிழில் உள்வாக்கியத்தைத் தூக்கி முன்னால் வைத்துவிடுவார்கள்: “கண்ணன் வந்துவிட்டான் என்று மாலதி சொன்னாள் என்று முருகன் நினைத்தான் என்று கமலா எழுதினாள்.” அதே சொற்கள், அதே நான்கு அடுக்கு. அழகான வாக்கியம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே அதன் வினை கிடைத்துவிடுவதால், எழுதியது கமலா என்பதில் குழப்பமில்லை.