ஒரு சொல் மட்டும் மாறட்டும்

கட்டடக் கலைஞர் ஒருவர் வீட்டுக்காரரிடம் இரண்டு படங்களை நீட்டுகிறார். ஒன்றில் செங்கல் முகப்பு. மாலை வெயில் அடிக்கிறது, வாசலில் மரம் நிற்கிறது. மற்றதில் கான்கிரீட் முகப்பு. வானம் மூடிக் கிடக்கிறது, தெரு வெறிச்சோடியிருக்கிறது. வீட்டுக்காரர் செங்கல்லைக் காட்டி "இதுதான்" என்கிறார். அவருக்குப் பிடித்தது செங்கல்லா, வெயிலா?

சொற்களைக் கொடுத்தால் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இந்தக் குழப்பம் இயல்பாகவே நேரும். 2022-ல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை வெற்றுத்தாளில் தொடங்குவதில்லை. பழைய டிவியில் ஒளிபரப்பு இல்லாதபோது பொரியுமே, அதுபோன்ற புள்ளிக் கூட்டத்தில் தொடங்கி, நாம் எழுதிய சொற்களுக்கு ஏற்ப அதைப் படிப்படியாகத் தெளிய வைக்கின்றன. முதல் சில படிகளில் கட்டடத்தின் பருமனும் வெளிச்சம், நிழலின் இடமும் உருவாகிவிடும்; பரப்பின் நுணுக்கங்கள் பிறகு வரும். தொடக்கப் புள்ளிக் கூட்டம் எதுவென்று தீர்மானிப்பது விதை எண். திரையில் `Seed` என்று இருக்கும். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு முறையும் புது எண், புது வீடு. ஓர் எண்ணைக் குறித்துப் பூட்டிவிட்டால் எல்லாப் படங்களும் ஒரே புள்ளிக் கூட்டத்திலிருந்து கிளம்பும்.

விதை எண்ணோடு மற்ற அமைப்புகளும் மாறக்கூடாது. குறிப்பாகப் படத்தின் அளவை மாற்றினால், எண் அதுவாகவே இருந்தாலும் புள்ளிக் கூட்டம் வேறாகிவிடும். ஓர் இரண்டு மாடி வீட்டுக்கு இப்படி எழுதலாம்:

```
two-storey house, brick facade, flat roof,
eye-level view from street, overcast daylight
Steps: 30, CFG scale: 7, Seed: 4127, Size: 768x512
```

அடுத்த படத்துக்கு `brick` என்பதை `granite` ஆக்குகிறோம், அதற்கடுத்து `concrete`. வேறெதையும் தொடுவதில்லை. 'அழகான கருங்கல்', 'வெறும் கான்கிரீட்' என்று ஒன்றுக்கு மட்டும் அடைமொழி சேர்த்தால் ஒப்பீடு அங்கேயே சாய்ந்துவிடும்.

இவ்வளவு செய்தும் படங்கள் முழுக்க ஒத்துப்போகாது. அந்த ஒரு சொல் முதல் படியிலிருந்தே படம் முழுவதையும் இழுக்கிறது. கருவி கற்ற படங்களில் அந்தப் பொருளோடு சேர்ந்து வந்தவையெல்லாம் கூடவே வரும். செங்கல் என்றால் சன்னல்கள் சிறுத்துக் கூரை சரியலாம். கான்கிரீட் என்றால் சுவர் விரிந்து சன்னல்கள் குறையலாம். அதனால்தான் தட்டைக் கூரை, மேகமூட்டமான பகல், தெருவிலிருந்து பார்க்கும் கோணம் ஆகியவற்றை முன்பே எழுதி வைத்தோம். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால், சன்னல் விளிம்பும் கூரைக்கோடும் நகர்ந்திருப்பது உடனே தெரியும். அதிகம் நகர்ந்தால் 2023-ல் வந்த கன்ட்ரோல்நெட் உதவும். நம் முகப்பின் கோட்டு வரைபடத்தையே அதற்குக் கொடுத்தால், கட்டடம் பெரும்பாலும் அந்தக் கோடுகளுக்குள் நின்று, பொருள் மட்டும் மாறும்.

ஒரே விதை எண்ணை நம்புவதும் சரியல்ல. 4127 தற்செயலாகக் கருங்கல்லுக்கு நல்ல ஒளியைக் கொடுத்திருக்கலாம். எனவே ஐந்து எண்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று பொருள்களையும் வரையச் செய்தால் பதினைந்து படங்கள் கிடைக்கும். ஆட்டோமேட்டிக்1111 என்ற இலவச மென்பொருளில் `X/Y/Z plot` இதைக் கட்டமாகவே அடுக்கித் தரும். ஓர் அச்சில் `Prompt S/R`, மற்றதில் `Seed`. ஒரே எண்ணுக்குரிய வரிசையில் பொருள்களை ஒப்பிடுங்கள். ஐந்து வரிசைகளிலும் செங்கல்லே கண்ணை இழுத்தால் ஈர்ப்பு செங்கல்லுடையது. ஒன்றில் மட்டும் என்றால் அது அந்த எண்ணின் தயவு.

கடைசியாக அளவைச் சரிபார்க்க வேண்டும். இந்தியத் தர அளவுச் செங்கல்லின் உயரம் 90 மி.மீ.; கலவையோடு சேர்த்தால் ஒரு வரி 100 மி.மீ. மூன்று மீட்டர் உயரத் தளத்தில் 30 வரிகள் இருக்க வேண்டும். படத்தில் எண்ணிப் பாருங்கள். 15 வரிகளே இருந்தால் கருவி இருமடங்கு பருத்த கல்லை வைத்திருக்கிறது. அந்த முரட்டு அழகை மேஸ்திரியால் கொண்டுவர முடியாது.

வெயிலில் சுவர் எவ்வளவு சுடும், மழைநீர் எங்கே கறையாக இறங்கும், சதுர அடிக்கு என்ன செலவு என்பதையெல்லாம் படம் சொல்லாது. அது தேர்வைச் சுருக்கித் தரும். எஞ்சிய இரண்டு பொருள்களையும் மனையில் ஒரு மீட்டர் சதுரத்துக்கு மாதிரியாகக் கட்டிப் பார்ப்பதே முடிவான சோதனை. அங்கும் இரண்டும் ஒரே திசை நோக்கி, ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும்.