பருப்பு இனி இடப்பக்கம்

எங்கள் தெருமுனை மளிகைக் கடை ஆறு வாரம் மூடிக் கிடந்தது. தளம் மாற்றி, ரேக் அடித்து, விளக்கு போட்டு முடித்தபோது அண்ணாச்சி ஒரு தாளோடு என்னிடம் வந்தார். கடையின் படத்துக்குக் கீழே போட நான்கு வரி எழுதியிருந்தார். ‘புதுப்பொலிவுடன், நவீன வசதிகளுடன், வாடிக்கையாளர்களின் பேராதரவுடன் மீண்டும் உதயம்’ என்று தொடங்கியது.

“எப்படி இருக்கு தம்பி?”

“இதைப் படிச்சா எத்தனை மணிக்கு வரணும்னு தெரியலையே அண்ணாச்சி” என்றேன்.

புதிதாகத் திறக்கும் கடை ‘நாங்கள் யார்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். மறுபடி திறக்கும் கடைக்கு அந்த வேலை இல்லை. அண்ணாச்சியின் கடையைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாததெல்லாம் உள்ளே எது எங்கே போனது என்பதுதான். இருபது வருடமாக வாசலில் நின்றபடி “அரைக் கிலோ துவரம்பருப்பு” என்று கேட்டு வாங்கியவர்கள், இனி உள்ளே நடந்து தாங்களே எடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பதே அறிவிப்பின் முதல் வேலை.

அதனால் அமைப்பைப் பற்றி எழுதும்போது ‘விசாலமான உட்புறம்’ என்று எழுதிப் பயனில்லை. அரிசி, பருப்பு எந்தப் பக்கம், கல்லா எங்கே, சில்லறையாக நிறுத்துத் தருவது தொடருமா என்று எழுத வேண்டும். அண்ணாச்சி கடையில் இன்னொரு கேள்வியும் இருந்தது. மாதச் சாமானுக்குச் சீட்டு கொடுத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் ஏராளம். ரேக் வந்துவிட்டதால் சீட்டு போயிற்றோ என்று அவர்கள் நினைப்பார்கள். ‘சீட்டு கொடுத்தால் முன்போலவே கட்டி வைப்போம்’ என்ற ஒரு வரிக்கு, அவர் எழுதிவந்த நான்கு வரியைவிட மதிப்பு அதிகம். மாறியதைச் சொல்வதோடு மாறாததையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது நேரம். எளிதாகத் தெரியும், ஆனால் தவறு அதிகம் நேர்வது இங்கேதான். திறப்பு நாளாக அவர் குறித்திருந்தது ஆகஸ்ட் 25, திங்கள்கிழமை. ஆவணி பிறந்தாயிற்று, வளர்பிறை, இரண்டு நாளில் விநாயகர் சதுர்த்தி. திங்களன்று ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்பதால் 9.15-க்குத் திறப்பதாக ஏற்பாடு. ஆனால் செவ்வாய் முதல் வழக்கமான நேரம் காலை 6.30. ‘காலை 9.15-க்குத் திறப்பு’ என்று மட்டும் போட்டால், காலையில் பாலுக்கு வருகிறவர் கடையே இனி 9.15-க்குத்தான் என்று எடுத்துக்கொள்வார். முதல் நாள் நேரத்தையும் அன்றாட நேரத்தையும் தனித்தனி வரியில் பிரித்தே எழுத வேண்டும். பழைய மதிய இடைவேளையை அவர் எடுத்துவிட்டிருந்தார். அதையும் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் ஊர் பழக்கப்படி இரண்டு மணிக்கு யாரும் வரமாட்டார்கள்.

‘நாளை முதல்’ என்ற சொல்லையும் அடித்தேன். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் மூன்று நாள் கழித்து அனுப்புவார். அப்போது அந்த ‘நாளை’ பொய்யாகிவிடும். தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்கட்டும். ஒன்றைத் தவறாக அடித்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். கூடவே கூகுள் மேப்பில் ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று அவர் மகன் போட்டிருந்ததை எடுத்து, புது நேரத்தைப் போடச் சொன்னேன். அறிவிப்பு ஒன்று சொல்லி மேப் வேறொன்று சொன்னால், வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர் மேப்பைத்தான் நம்புவார்.

சலுகைக்கு வந்தபோது அண்ணாச்சி தாராளமாக இருந்தார். மூன்று நாளுக்கு எல்லாவற்றிலும் 10 சதவீதம் தள்ளுபடி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் கடையில் 500 ரூபாய் பில்லில் எல்லாம் போக நிற்பது 40 ரூபாய் அளவு. பத்து சதவீதம் என்றால் 50 ரூபாய் போய்விடும். கூட்டம் கூடக்கூட நஷ்டமும் கூடும். அதற்குப் பதில் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை செய்ய எல்லா வீட்டிலும் தேவைப்படும் வெல்லத்தைக் கொடுப்பது என்று முடிவானது. அரைக் கிலோ அவருக்கு 30 ரூபாய் அடக்கம். பில்லுக்கு 10 ரூபாய் மிஞ்சும், வாங்குபவர் கையிலும் கனமாக ஒரு பொருள் இருக்கும். ரேக்கில் விலையைக் குறைத்துவிட்டு நான்காம் நாள் ஏற்றினால் ‘விலை ஏறிவிட்டது’ என்ற பேச்சு கிளம்பும். வெல்லத்தில் அந்தத் தொல்லை இல்லை.

30 கிலோ சிப்பம் ஐந்து வாங்கலாம் என்றார். அப்படியானால் 300 பேருக்குத்தான் வரும். அந்த எண்ணை அறிவிப்பிலேயே எழுத வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே கேட்கிறது: இருப்பு குறைவென்றால் குறைவென்று தெளிவாகச் சொல். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், 301-ஆவதாக வரும் பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தை அண்ணாச்சிதானே பார்க்க வேண்டும்?

கடைசியாக வரிசை. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே ஏறக்குறைய 125 எழுத்துக்குறிகள்தான் முதலில் தெரியும். மீதியைத் தொட்டுத் திறக்க வேண்டும். தமிழுக்கு இதில் ஒரு நெருக்கடி. நாம் ‘மளிகை’யை மூன்றெழுத்தாக எண்ணுகிறோம், கணினி கொக்கியையும் இணைக்கொம்பையும் தனியாக எண்ணி ஐந்தாக்குகிறது. ‘திறக்கிறோம்’ நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. ஆக நமக்கு எழுபது, எண்பது எழுத்துதான் கிடைக்கும். ‘புதுப்பொலிவுடன், நவீன வசதிகளுடன்’ அதில் கால்வாசியைத் தின்றுவிடும். அதனால் நாளும் இடமும் முதலில், சலுகை கடைசியில். முடிவில் போனது இது:

*திங்கள், ஆகஸ்ட் 25 காலை 9.15-க்குக் கடை திறக்கிறோம். அரிசி, பருப்பு இனி இடப்பக்கம், கல்லா வாசலருகே.*

*எண்ணெய், மசாலா, சோப்பு வலப்பக்க ரேக்கில், நீங்களே எடுக்கலாம். சில்லறைப் பருப்பு நிறுத்துத் தருவோம். சீட்டு கொடுத்தால் முன்போலவே கட்டி வைப்போம்.*

*செவ்வாய் முதல் காலை 6.30 – இரவு 9.30. மதிய இடைவேளை இல்லை. ஞாயிறு மதியம் 1.30 வரை.*

*ஆகஸ்ட் 25, 26, 27: 500 ரூபாய்க்கு மேல் வாங்கும் முதல் 300 பேருக்கு அரைக் கிலோ வெல்லம். ஒரு பில்லுக்கு ஒன்று.*

திறந்த அன்று பத்து மணிக்குப் போனேன். அரிசி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நேராக இடப்பக்கம் திரும்பினார்கள். ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் “புளி எங்க வச்சிருக்கீங்க?” என்றார்கள். புளியை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். இன்ஸ்டாகிராமில் அவர் மகன் உடனே திருத்திவிட்டான். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், அது முந்தின நாளே முடிந்திருந்தது. அண்ணாச்சி ஓர் அட்டையை எடுத்து, ‘புளி, உப்பு, மிளகாய்: கடைசி ரேக், கீழ்த்தட்டு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்.