ஜனவரியில் டெல்லிக்கு எந்த விமானம்?

சென்னையிலிருந்து டெல்லிக்கு ஜனவரி மாதம் டிக்கெட் எடுக்கிறீர்கள். காலை 6 மணிக்கு ஒரு விமானம், 11 மணிக்கு இன்னொன்று. கட்டணத்தில் பெரிய வித்தியாசமில்லை. அடிக்கடி பறப்பவர்கள் முதல் விமானத்தைப் பிடிக்கச் சொல்வார்கள். அந்த விமானம் முந்தைய இரவே சென்னைக்கு வந்து நின்றிருக்கும். பகலில் பறப்பவை அப்படியல்ல. ஒரே விமானம் நாளொன்றுக்கு நான்கைந்து ஊர்களுக்குப் போய்வருகிறது. காலையில் எங்கோ இழந்த நேரம் அன்றைய மற்றப் பயணங்களுக்கும் தொற்றிக்கொள்கிறது. இந்தியாவில் விமானத் தாமதங்களில் பெரும்பங்கு இப்படித் தொற்றிய தாமதம்தான்.

ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் டெல்லிக்கு இந்த விதி சரிப்படாது. அங்கே மூடுபனி பின்னிரவில் இறங்கி, விடிந்த பிறகும் சில மணி நேரம் நிற்கும். பயணம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் என்பதால், 6 மணி விமானம் 9 மணியையொட்டி அந்தப் பனிக்குள்தான் போய்ச் சேரும். ஓடுபாதையில் 50 மீட்டர் தூரமே தெரிந்தாலும் தரையிறங்க உதவும் கேட்-3பி கருவிகள் டெல்லியில் உண்டு. ஆனால் விமானத்துக்கும் விமானிகளுக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும். இருந்தாலும் விமானங்களுக்கிடையே கூடுதல் இடைவெளி விட வேண்டியிருப்பதால் வரிசை நீளும். கிளம்புவதற்கு இன்னும் கூடுதலாக, 125 மீட்டர் அளவுக்குப் பார்வை தேவை. அதனால் இறங்கிய விமானங்கள் கிளம்ப முடியாமல் நிற்க, நிறுத்துமிடங்களும் நிரம்பிவிடும்.

அப்படியானால் 11 மணி விமானம் நல்லதா? அது இறங்கும்போது பெரும்பாலும் பனி விலகியிருக்கும். ஆனால் அதே விமானம் அன்று காலை டெல்லியிலிருந்து கிளம்பிச் சென்னைக்கு வர வேண்டியதாக இருந்தால், பனி அதை அங்கேயே பிடித்து வைத்துவிடும். சென்னையில் வெயில் காய்ந்தாலும் நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில் விமான எண்ணைத் தேடினால், கடந்த சில நாள்களில் எந்தெந்த விமானம் பறந்தது என்று VT-யில் தொடங்கும் பதிவெண்ணோடு வரும். அந்தப் பதிவெண்ணைத் தட்டினால் அது எங்கிருந்து சென்னைக்கு வந்தது என்பதும் தெரியும். தொடர்ந்து கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்திருந்தால் நம்பிக்கை கூடுகிறது. நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டை மாற்றக்கூடும் என்பதால், இதை உறுதியென்று கொள்ள முடியாது.

அடுத்தது, விமானம் எத்தனை முறை நேரத்துக்கு வருகிறது என்ற சதவீதம். உலகெங்கும் வழக்கத்தில் உள்ள கணக்குப்படி, குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது ‘நேரத்துக்கு’ வந்த விமானம். ரத்தான விமானத்தை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். அமெரிக்கப் போக்குவரத்துப் புள்ளிவிவரத் துறை அதையும் நேரத்துக்கு வராத கணக்கில் வைக்கிறது. வேறு சில பட்டியல்கள் பறந்தவற்றை மட்டுமே எண்ணுகின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு. மாதம் 30 முறை பறக்க வேண்டிய ஒரு விமானம் 26 நாள் நேரத்துக்கு வருகிறது. 4 நாள் 40 நிமிடம் தாமதம். இன்னொன்று 28 நாள் நேரத்துக்கு வருகிறது, 2 நாள் ரத்து. பறந்தவற்றை மட்டும் எண்ணினால் முதலாவதுக்கு 87 சதவீதம், இரண்டாவதுக்கு நூற்றுக்கு நூறு! ரத்தானால் அடுத்த விமானம் ஆறு மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக முதலாவதில் நீங்கள் இழப்பது 5 நிமிடம், இரண்டாவதில் 24 நிமிடம். எனவே ரத்து விகிதத்தைத் தனியாகப் பாருங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ, நிறுவனவாரியாக அதை மாதந்தோறும் வெளியிடுகிறது. ஆனால் அது வழித்தடவாரியான கணக்கு அல்ல.

ஒரே மாதத்து எண்ணை வைத்து முடிவெடுப்பதும் ஆபத்து. உண்மையில் 80 சதவீதம் நேரம் தவறாத விமானம்கூட, வெறும் தற்செயலால் 30 நாளில் ஒரு மாதம் 20, இன்னொரு மாதம் 28 என்று காட்டலாம். பனியோ தொடர்ச்சியாகச் சில நாள் பிடித்துக்கொள்ளும்; அந்த நாள்களைத் தனித்தனிச் சான்றாக எண்ணக் கூடாது. 90 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்காக 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அக்டோபர் மாதப் பதிவை வைத்து ஜனவரியை எடைபோடவும் வேண்டாம். கடந்த சில ஆண்டுகளின் ஜனவரிப் பதிவுகள் கிடைத்தால் அவையே பயன்படும்.

மாலையில் கிளம்புவதில் வேறு சிக்கல். பின்னிரவில் இறங்கும் கடைசி விமானம் மீண்டும் பனியில் மாட்டலாம். ரத்தானால் அன்று வேறு விமானமும் இருக்காது. வானிலையால் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது மாற்று விமானம் தருவார்கள். இழப்பீடு தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே முற்பகல் 11 மணியையொட்டிக் கிளம்பும், தெற்கிலிருந்து வரும் விமானத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். அதே நிறுவனத்துக்கு அன்று பிற்பகலில் டெல்லிக்கு இன்னும் இரண்டு விமானமாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.