'டிஸ்கஸ் அபவுட்' ஏன் தப்பு? நம்ம இங்கிலீஷுக்குள் ஒளிந்திருக்கும் தமிழ்

ஆபீஸ் மெயில் ஒன்றில் இப்படி மூன்று வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"வீ டிஸ்கஸ்டு அபவுட் த பட்ஜெட். த கிளையன்ட் இஸ் ஆங்ரி ஆன் அஸ். தே ப்ரிஃபர் த ஓல்ட் டிசைன் தேன் த நியூ ஒன்."

சொல்ல வந்தது புரிகிறது. ஆனால் மூன்று வரியிலும் ப்ரிபொசிஷன் தப்பு. மூன்றுமே தமிழிலிருந்து நேராக வந்தவை.

எப்படி வருகிறது?

தமிழில் 'பட்ஜெட்டைப் பற்றி', 'நம்ம மேல', 'புதுசை விட' என்கிறோம். பற்றி, மேல், விட ஆகியவை சொல்லுருபுகள். இவற்றை மனசு அப்படியே அபவுட், ஆன், தேன் என்று மாற்றிவிடுகிறது. ஆனால் இங்கிலீஷில் எந்த ப்ரிபொசிஷன் வரும் என்பதை பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கும் சொல்தான் முடிவு செய்யும்.

ஆங்ரி என்றால் ஆள் மீது கோபத்துக்கு 'வித்' அல்லது 'அட்'. ப்ரிஃபர் என்றால் 'டு'. அதாவது, 'ப்ரிஃபர் த ஓல்ட் டிசைன் டு த நியூ ஒன்'. லத்தீனிலிருந்து வந்த சீனியர், ஜூனியர், சுப்பீரியர் ஆகியவற்றுக்கும் இதே 'டு'தான். 'சீனியர் தேன் மீ' இல்லை, 'சீனியர் டு மீ'.

டிஸ்கஸ் மட்டும் ஏன் இவ்வளவு குழப்புகிறது?

ஏனென்றால் 'டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்' சரிதான். அது பெயர்ச்சொல். வினைச்சொல்லாக மாறும்போது 'அபவுட்' கழன்றுவிடும்: 'வீ டிஸ்கஸ்டு த பட்ஜெட்'. 'ரிக்வெஸ்ட்', 'ஆர்டர்' இரண்டும் இதே மாதிரிதான். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தப்பு. 'அன் ஆர்டர் ஃபார் டூ பிரியாணிஸ்' சரி, 'ஐ ஆர்டர்டு ஃபார் டூ பிரியாணிஸ்' தப்பு.

உல்டாவும் உண்டா?

உண்டு. 'எனக்கு விளக்குங்க' என்பதில் 'டு' தனியாகத் தெரிவதில்லை. அதனால் 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று எழுதிவிடுகிறோம். 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ' என்பதே சரி. அதே போல 'பாட்டு கேட்கிறேன்' என்பது 'லிசன் மியூசிக்' ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு 'டு' வேண்டும்.

அர்த்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. மெயிலுக்குப் பதில் போடுவதை 'ரிப்ளை டு த மெயில்' என்கிறோம். அதே அர்த்தத்தில் 'ஆன்சர் த மெயில்' என்றால் 'டு' கிடையாது. எனவே சொல்லையும் ப்ரிபொசிஷனையும் ஜோடியாகவே மனசில் வைக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதியில் வினைச்சொல்லைத் தேடுங்கள். பக்கத்தில் [T] என்று மட்டும் இருந்தால், அது செயப்படுபொருளை நேராக ஏற்கும். நடுவில் ப்ரிபொசிஷன் தேவையில்லை. [I] என்று இருந்தால் கீழே உள்ள உதாரண வாக்கியங்களில் எந்த ப்ரிபொசிஷன் வருகிறது என்று பாருங்கள்.

'டிஸ்கஸ் அபவுட்' இந்தியா முழுக்கவே பேச்சில் புழங்குகிறது. மீட்டிங்கில் யாரும் தடுமாற மாட்டார்கள். வெளிநாட்டு கிளையன்டுக்குப் போகும் மெயிலிலும் ஆங்கிலத் தேர்விலும்தான் அது கண்ணில் உறுத்தும்.

அந்த மெயிலைத் திருத்தினால்: "வீ டிஸ்கஸ்டு த பட்ஜெட். த கிளையன்ட் இஸ் ஆங்ரி வித் அஸ். தே ப்ரிஃபர் த ஓல்ட் டிசைன் டு த நியூ ஒன்."